பால்கனி மேல்கம்பி உள் ஸ்லாபுக்குள் 600 மி.மீ. மட்டும் போயிருக்கு. போதுமா?

தளமட்டம்

நாளை மறுநாள் கான்கிரீட். அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

பால்கனி பீம் முகத்திலிருந்து 1.5 மீட்டர் வெளியே தள்ளியிருக்கு, 3 மீட்டர் நீளம். ஸ்லாப் 150 மி.மீ. கனம். உள்ளே அறை ஸ்லாபும் அதே கனம், அதே மட்டம். நடுவில் 230 மி.மீ. அகல பீம். அங்கிருந்து எதிர்ப்பக்க பீம் மையத்துக்கு மையம் 3.6 மீட்டர். கான்கிரீட் எம் 25, கம்பி எஃப்இ 500. மேல்கம்பி 10 மி.மீ., 150 இடைவெளியில். நுனியில் செங்கல் கைப்பிடிச் சுவர், 115 மி.மீ. கனம், 1 மீட்டர் உயரம்.

வரைபடத்தில் "மேல்கம்பியை உள்ளே நீட்டவும்" என்று மட்டும் இருக்கு, எவ்வளவு என்று இல்லை. கம்பி கட்டுபவர் பீமின் உள்முகத்திலிருந்து 600 மி.மீ. விட்டு நிறுத்திட்டார். கேட்டால் "டெவலப்மென்ட் லென்த் வந்துடுச்சு சார்" என்கிறார். மொத்தத்தையும் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

கம்பிக்கட்டு

அவர் சொன்னது சரிதான். எம் 25, எஃப்இ 500-க்கு கம்பி விட்டத்தைப் போல 48.5 மடங்கு. 10 மி.மீ. கம்பிக்கு 485. உங்களிடம் 600 இருக்கு, இன்னும் என்ன? மனசு கேட்கலைன்னா முனையை கீழே எல் மாதிரி மடக்கி விடுங்க. அதுக்கு மேல நீட்டுறது கம்பி வீண்.

செந்தூக்கு

485 கணக்கில் தப்பில்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. முழு இழுவிசையில் இருக்கும் கம்பி கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இருக்க எவ்வளவு புதைய வேண்டும் என்பதைத்தான் அது சொல்லுது. மேல்பக்க இழுவிசை உள்ளே எதுவரை போகுது என்பதைச் சொல்லாது. கம்பி பிடிப்போடு இருந்தும், அது முடிகிற இடத்தைத் தாண்டி ஸ்லாப் மேலே விரிசல் விடலாம். முனையை மடக்கினாலும் இது மாறாது.

உங்கள் அளவுக்கே போடுவோம். பால்கனியின் சொந்த எடை 3.75, தளப்பூச்சு 1, ஆள் பாரம் 3, ஆக சதுர மீட்டருக்கு 7.75 கிலோநியூட்டன். 1.5 மடங்கு ஆக்கினால் 11.6. பூச்சோடு சேர்த்துச் சுவர் மீட்டருக்கு 2.6, மடங்கு ஆக்கினால் 3.9. பீம் அருகே மொமென்ட் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 18.7 கிலோநியூட்டன் மீட்டர்.

இந்த மொமென்ட் பீமோடு நின்றுவிடாது. அறை ஸ்லாபின் எடை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் வரை உள்ளே போகும். அறை காலியாக இருக்கும்போதுதான் அதிக தூரம் போகும், ஏனென்றால் எதிர்த்து அழுத்த ஆள் பாரம் இல்லை. அதனால் உள்ளே ஸ்லாப் எடையும் பூச்சும் மட்டும், 4.75, அதையும் மடங்கு ஆக்காமல் எடுக்கணும். மொமென்ட் பூஜ்யமாகும் இடம், பீம் மையத்திலிருந்து:

```
x = 2M/(wL) = 2 × 18.7 / (4.75 × 3.6) = 2.19 m
```

இதற்கு மேல் கம்பி விட்டம் போல 12 மடங்கு, அதாவது 0.12 மீட்டர் சேர்த்தால் 2.31. பீமின் பாதி அகலத்தைக் கழித்தால் உள்முகத்திலிருந்து 2.2 மீட்டர். "வெளியே தள்ளியதைப் போல ஒன்றரை மடங்கு உள்ளே" என்று பழைய மேஸ்திரிகள் சொல்வது 2.25. இந்த வீட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. எல்லா வீட்டிலும் போகாது. உள் ஸ்லாப் சின்னதாகவோ எடை குறைவாகவோ இருந்தால் வாய்ப்பாடு ஏமாற்றும்.

கம்பிக்கட்டு

அப்படின்னா 600 விட்டுக் கட்டின பால்கனிங்க ஏன் விழலை? எத்தனையோ நிக்குதே.

செந்தூக்கு

நியாயமான கேள்வி. 600-ல் கம்பி முடியும் இடத்தில் இன்னும் 10 கிலோநியூட்டன் மீட்டர் பாக்கி இருக்கு. 150 மி.மீ. எம் 25 ஸ்லாப், கம்பியே இல்லாமல், விரிசல் விடுவதற்கு முன் சுமார் 13 தாங்கும். அதாவது அந்த பால்கனிகள் வெறும் கான்கிரீட்டின் இழுவிசையில் நிக்குது. காய்கிற சுருக்கம், மின்குழாய் ஓடிய இடம், அங்கேயே கான்கிரீட்டை நிறுத்தி மறுநாள் தொடர்ந்த மூட்டு, இதில் ஒன்று வந்தால் அந்த 13 கிடையாது. விரிசல் விட்டதும் அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அதனால் முன்னறிவிப்பு குறைவு.

தளமட்டம்

புரிஞ்சுது சார். இப்போ 600-க்கு அப்புறம் துண்டுக் கம்பி போட்டு லேப் கொடுத்தால் ஆகுமா?

செந்தூக்கு

வேண்டாம். லேப்புக்கு 490 வேணும். உங்களிடம் இருப்பதே 600. எல்லா லேப்பும் பீமை ஒட்டி, மொமென்ட் உச்சத்தில் இருக்கும் இடத்தில், ஒரே வரிசையில் வந்து உட்காரும். புதுக் கம்பியே போடுங்க.

கட்டிங் அளவு நல்லா அமையுது: பால்கனியில் 1.47, பீம் 0.23, உள்ளே 2.2, நுனியில் கீழ்மடக்கு 0.09. கூட்டினால் 3.99. 12 மீட்டர் கம்பி ஒன்றில் சரியா மூன்று துண்டு, கழிவே இல்லை. 3 மீட்டருக்கு 21 கம்பி, ஆக 7 முழுக் கம்பி, சுமார் 52 கிலோ.

மூலைமட்டம்

21-ஐயும் மாற்றணுமா? ஒன்று விட்டு ஒன்று மாற்றினால் போதாதா? பாதிக் கம்பி 12.5 தாங்கும். பீம் மையத்திலிருந்து அரை மீட்டர் போனாலே மொமென்ட் அந்த அளவுக்கு இறங்கிடும். 12 மடங்கு சேர்த்தால் 0.61. இருக்கிற கம்பி 0.715 வரை இருக்கு. ஆக பழைய கம்பி பாதி அப்படியே இருக்கலாம்.

செந்தூக்கு

கணக்கு சரி, மறுக்கலை. ஆனால் மிச்சம் 100 மி.மீ. தான். கட்டும்போது கம்பி 100 வெளியே நகர்ந்திருந்தால் போச்சு. நான் இருந்தால் 21-ஐயும் மாற்றுவேன். பாதி மாற்றினால் மிஞ்சுவது பத்துக் கம்பி, இருபத்தைந்து கிலோ.

மூலைமட்டம்

டேப் வைத்துப் பார்த்து நகராமல் கட்டுறது தள ஆளோட வேலை. பிரித்துக் கட்டும்போது கீழ்வலை கலையுறதும் ஆபத்துதான். நான் பாதிதான் மாற்றுவேன்.

தூக்குக்குண்டு

நம்ம பால்கனி போன வருஷம் முடிஞ்சது. பீம் ஓரமா தரையில் நீளவாக்கில் முடி அளவு விரிசல். கீழே 12 மி.மீ. கம்பி கூடுதலா போட்டிருந்தா வந்திருக்காதுதானே? இவருக்கும் அதையே சொல்லுங்க.

செந்தூக்கு

இல்லை. பால்கனியில் இழுவிசை மேலேதான். கீழே எத்தனை போட்டாலும் அந்த விரிசலுக்கு உதவாது. உங்களுடையது முதலில் ஓடு இணைப்பில் மட்டுமா, கான்கிரீட்டிலா என்று பார்க்கணும். ஒரு ஓட்டை எடுத்துப் பாருங்க. கான்கிரீட்டில் பீமுக்கு இணையாக ஓடினால், கவர் மீட்டரால் மேல்கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்குன்னு அளக்கச் சொல்லுங்க. நுனி மட்டத்தையும் குறித்து வையுங்க. அது வரை அங்கே தொட்டி, பூந்தொட்டி எதையும் ஏற்ற வேண்டாம். அளவு வந்ததும் தனி இழை போடுங்க.

தளமட்டம், அவர் கேட்டதிலிருந்தே உங்களுக்கும் ஒரு விஷயம். நீளத்தை விட ஆழம்தான் அதிகம் கெடுக்குது. 30 மி.மீ. கவர் வைத்தால் கம்பி மையம் அடியிலிருந்து 115-ல் இருக்கும், அப்போ ஸ்லாப் 23.8 தாங்கும். கான்கிரீட் கொட்டும் ஆள் மிதித்து 40 மி.மீ. இறங்கினால் 14.7 தான். தேவை 18.7. இரண்டரை மீட்டர் உள்ளே விட்டிருந்தாலும் அது போதாது.

கம்பிக்கட்டு

இது நான் பார்த்து ஒத்துக்கிறேன். மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சேர் இல்லாம கவர் பிளாக்கை நம்பி மேல்கம்பி கட்டுறாங்க. இன்னொண்ணு, பீம் கூடு முன்னாடியே கட்டிட்டா, பால்கனி கம்பியை பீம் மேல்கம்பிக்கு அடியில நுழைச்சு விட்டுடுவாங்க. பாத்தீங்களா?

தளமட்டம்

இப்போதான் போய்ப் பார்த்தேன் அண்ணா. அடியில்தான் போயிருக்கு. பீம் மேல்கம்பி 16 மி.மீ., ஸ்டிரப் 8.

செந்தூக்கு

அப்போ பாதியா முழுசா என்ற பேச்சு முடிஞ்சது, எல்லாவற்றையும் எடுத்தாகணும். 30 கவர், 8 ஸ்டிரப், 16 கம்பி போனால் உங்கள் கம்பி மையம் 91-க்கு வந்துடும். தாங்குவது 18.3. தேவையை விடக் கொஞ்சம் கீழே, அதுவும் மிதி படுவதற்கு முன்பே.

பால்கனி கம்பி ஸ்டிரப்புக்கு மேலே ஓடணும். அதற்கு பீம் கூட்டை 10 மி.மீ. தாழ்த்தணும். இப்போ இருக்கிற ஸ்டிரப் உயரம் இடம் தராவிட்டால் கூட்டை அடியில் அழுத்தி கவரைத் தின்னாதீங்க. அந்த மூன்று மீட்டருக்கு ஸ்டிரப்பை உயரம் குறைத்து மடக்கச் சொல்லுங்க. பீம் கணக்கு போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க.

பிறகு சேர். கீழ்வலை 20 கவரில் 8-உம் 8-உமாக இருந்தால் அதன் மேல்மட்டம் 36. மேல்கம்பிக்கு அடியில் 8 மி.மீ. குறுக்குக் கம்பி வைத்தால் அதன் அடிமட்டம் 102. சேர் உயரம் வெளியிலிருந்து வெளிக்கு 66. 10 மி.மீ. கம்பியில் செய்து, பீமை ஒட்டி முதல் வரிசை, அப்புறம் 600-க்கு ஒன்று. கொட்டும்போது சாரப் பலகை சேர்களுக்கு மேலே. வைப்ரேட்டர் ஆளும் பலகையில்தான் நிற்கணும். முட்டு எடுக்கும்போது நுனியிலிருந்து ஆரம்பித்து பீமை நோக்கி வாங்க.

அளவுகோல்_ம

எனக்கு உள்ளே 1.5 மீட்டர் நடைபாதைதான், பால்கனி 1.2. அதே சுவர், அதே கனம். ஒன்றரை மடங்கு கணக்கில் 1.8 வருது. உள்ளே அவ்வளவு ஸ்லாபே இல்லை!

செந்தூக்கு

வாய்ப்பாடு ஏமாற்றும்னு சொன்னது இதற்குத்தான். உங்களுக்கு பீமில் 12.8. நடைபாதையின் எதிர்முனையை அது மீட்டருக்கு 8.5 கிலோநியூட்டன் மேலே தூக்கும், ஸ்லாப் எடை கீழே அழுத்துவது 3.6 மட்டும். ஆக 5 கிலோநியூட்டன் தூக்கல். கம்பி நடைபாதை முழுக்க ஓடி எதிர் பீமுக்குள் இறங்கி, அங்கே 485 பிடிப்பு பெறணும். அந்த பீமைக் கீழே பிடித்து வைக்க மேலே சுவர் இருக்கணும். சுவர் கட்டுவதற்கு முன் பால்கனி முட்டை எடுக்கக் கூடாது. மொட்டை மாடி மட்டத்தில் சுவரே வராது என்றால் இந்த அமைப்பை மாற்றணும்.

அளவுகோல்_ம

நடைபாதை பக்கத்தில் குளியலறை. பால்கனியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் பின்னால் 300 தாழ்த்தின ஸ்லாப்தான் வருது. அங்கே மேல்கம்பி எங்கே போகும்?

மூலைமட்டம்

பீமுக்குள் மடக்கி முடித்தால் பீம் முறுக்கை வாங்கும். அதற்கு டார்ஷன் ஸ்டிரப் போட்டுச் சமாளிக்கலாம்.

செந்தூக்கு

முறுக்கை பீம் வாங்கினால் அதைத் தூண் வாங்கணும். பீம் அளவும் தூண் இருக்கும் இடமும் தெரியாமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு மீட்டரை இரண்டு பக்கமும் உள்ளிருந்து நீண்டு வரும் கன்டிலீவர் பீம்கள் தாங்கும்படி செய்ய முடியுமா என்று முதலில் பாருங்க. பிளான் போடுங்க.

தளமட்டம்

கான்கிரீட்டை மூன்று நாள் தள்ளியாச்சு. கம்பி பிரிக்கிறாங்க. ஸ்டிரப் பற்றி வடிவமைத்தவர் இன்னும் பதில் சொல்லலை.