அப்பா கணக்கில் கட்டிய 14 லட்சம்: மொய்ப் பணத்தை எப்படிக் காட்டுவது?

அண்ணாச்சிமாரே, வருமான வரி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா சேமிப்புக் கணக்கில் ஒரே நிதியாண்டில் 14 லட்சம் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார், 10 லட்சத்தைத் தொட்டாலே வங்கி தகவல் அனுப்பிவிடும் என்பதால் இப்போது விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

இதில் 6 லட்சம் வீடு கட்ட அதே கணக்கில் எடுத்து, வேலை தள்ளிப்போனதால் திரும்பக் கட்டியது, பாஸ்புக்கிலேயே இருக்கிறது. ஆனால் இடையில் எட்டு மாதம் ஓடிவிட்டது. பணம் கையிலேயே இருந்தது என்பதற்கு மாதவாரி ரொக்க வரவு செலவுக் கணக்கு போதுமா?

5 லட்சம் வாழை விற்றது. சிட்டா, அடங்கல், கமிஷன் மண்டிச் சீட்டு எல்லாம் தேதியோடு இருக்கின்றன, அது கவலையில்லை.

குழப்பமே தங்கச்சி கல்யாண மொய் 3 லட்சத்தில்தான். மொய் நோட்டு, மண்டப ரசீது, பத்திரிகை இருக்கின்றன. ஆனால் கல்யாணப் பரிசுக்கான வரிவிலக்கு மணமக்களுக்கு மட்டும்தானாமே, பெற்றோருக்கு வந்த மொய்க்குக் கிடையாதாம். நோட்டில் பாதிப் பேர் அப்பாவுக்குச் செய்த திருப்பு மொய்! தங்கச்சிக்கு வந்த பகுதியை அவள் அப்பாவுக்குக் கொடுத்தால் உறவுக்குள் பரிசு என்று வரி வராது, சரி, மீதியை என்ன செய்வது? விளக்க முடியாத பணம் என்று எழுதிவிட்டால் மிக அதிக விகிதத்தில் வரி, அதற்குமேல் கூடுதல் வரியும். இப்படி மொய் நோட்டைக் காட்டிப் பதில் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், அதிகாரி எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்று எழுதுங்கள்.