பால்கனியில் சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்றார், குன்னூர் – உடனே பதில் வேணும்

பனிமூட்டம்23
ஓனர் இன்னிக்கு காலையில வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார்: "மேல் வீட்டுல ரெண்டு தடவை புகார் சொல்லிட்டாங்க, இனிமே பால்கனியில சிகரெட் வேண்டாம் தம்பி." வாடகை ஒரு மாசம் கூட லேட் ஆனதில்ல. வீட்டுக்குள்ள பிடிக்கறதே இல்ல, பால்கனிக் கதவைச் சாத்திட்டு வெளியில நின்னு தான். திறந்தவெளிப் புகை அவங்க வீட்டுக்குள்ள எப்படிப் போகும்? இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கா? நாளைக்குள்ள பதில் சொல்லணும்.

வேலு_கோத்தகிரி
எத்தனாவது மாடி? பால்கனி ரோட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? எந்த நேரத்துல பிடிப்பீங்க? அவங்க குறிப்பா எப்ப வாசனை வருதுன்னு சொன்னாங்க?

ஸ்டாம்ப்பேப்பர்
அக்ரிமென்ட் இருக்கா? எத்தனை மாசம் போட்டது? அதில் "அண்டை வீட்டாருக்கு இடையூறு" என்று ஏதாவது வரி இருக்கிறதா?

நெடுநாள்வாசி
மாடி இல்லை, திசை இல்லை, நேரம் இல்லை. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள்" என்பது போல. கேள்வி கேட்கும் முறை பற்றி இங்கே மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம், யார் படிக்கிறார்கள்?

சரவணன்_ஊட்டி
விடாதீங்க ப்ரோ. புகை வந்தா போலீஸ்ல எழுதிக் குடுங்க. பொது இடத்துல பிடிச்சா 200 ரூபா ஃபைன், சட்டம் இருக்கு. அந்த ஆளைக் கீழ இறங்கிப் பிடிக்கச் சொல்லுங்க.

வேலு_கோத்தகிரி
சரவணன், "அந்த ஆளே" இவர் தான். மறுபடி படிங்க.

சரவணன்_ஊட்டி
ஓ. அப்ப கீழ இறங்கிப் பிடிங்க ப்ரோ 😄

பனிமூட்டம்23
முதல் மாடி. அவங்க ரெண்டாவது, அதுக்கு மேல மொட்டை மாடி. பால்கனி பள்ளத்துப் பக்கம். நைட் எட்டு எட்டரைக்கு ஒண்ணு, படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. காலையில ஆபீஸ் போற வழியில தான். 11 மாச அக்ரிமென்ட், இன்னும் நாலு மாசம் இருக்கு. ராத்திரி சமைக்கும்போது ஹால் முழுக்க நாறுதுன்னு அவங்க சொன்னதா ஓனர் சொன்னார்.

மாதன்
குளிர்ல காத்து கீழ தான் இறங்கும். ராத்திரி ஆனா மேல ரோட்டுப் பக்கத்துலருந்து பள்ளத்துக்குக் காத்து வழியும், நம்ம ஊருல எல்லாருக்கும் தெரியும். முதல் மாடிப் புகை ரெண்டாவது மாடிக்கு ஏற வழியே இல்ல. பக்கத்து வீட்டு விறகு பாய்லர் புகையா இருக்கும், உங்க தலையில கட்டறாங்க.

காற்றோட்டம்
மாதன் சொல்வதில் பாதி சரி. ராத்திரியில் சரிவிலிருந்து குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்குவது உண்மை. ஆனால் அந்தக் காற்று கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது பள்ளத்துப் பக்கச் சுவர் அதன் மறைவில் நின்றுவிடுகிறது. மறைவுப் பக்கத்தில் காற்று நேராக வெளியேறாது, சுழலும். அந்தச் சுழலில் சுவரை ஒட்டி இருக்கும் காற்று மேல்நோக்கித்தான் நகரும். போதாததற்கு, வீட்டுச் சூட்டில் சுவர் வெளிக்காற்றை விடக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். சிகரெட் புகையும் வாயிலிருந்து வரும் மூச்சும் சூடானவை. ஆகவே முதல் மூன்று நான்கு மீட்டர் அது மேலேதான் ஏறும். ஒரு மாடி உயரமே அவ்வளவுதான்.

ஆனால் "சமைக்கும்போது ஹால் முழுக்க" என்பதுதான் இங்கே முக்கியமான வரி. மேல் வீட்டில் எலக்ட்ரிக் சிம்னி இருக்கிறதா?

பனிமூட்டம்23
இருக்கு. குழாய் வெளியில நீட்டிட்டு இருக்கறது எங்க பால்கனியிலருந்தே தெரியும்.

காற்றோட்டம்
அப்போது விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அந்தச் சிம்னி பெட்டி மேல் மணிக்கு 1000 கன மீட்டர், 1200 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பொருத்திய பிறகு, குழாயும் வளைவும் இருப்பதால் அவ்வளவு வராது. பாதி என்று வைத்துக்கொண்டால் கூட, ஒரு சின்ன ஹாலின் முழுக் காற்றையும் ஐந்தாறு நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். தள்ளிய காற்றுக்குப் பதிலாக எங்கிருந்தோ வெளிக்காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும். மெட்ராஸில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. நம் ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு யாரும் ஜன்னலைத் திறந்து வைக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது பால்கனிக் கதவின் அடி இடுக்கு. ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். எனவே அந்த இடுக்கு ஒரு விரல் நுழையும் அளவு கூட இருக்கும். அவர்கள் பால்கனியில் தேங்கி நிற்கும் உங்கள் புகையை அந்தச் சிம்னியே கதவடியில் உறிஞ்சி ஹாலுக்குள் இழுக்கிறது.

சோதிப்பது சுலபம், ஆனால் மேல் வீட்டார் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஜன்னல்களைச் சாத்தி, சிம்னியை முழு வேகத்தில் வைக்கட்டும். ஒரு ஊதுபத்தியைப் பற்ற வைத்து, வீட்டுக்குள் பால்கனிக் கதவின் அடி இடுக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையை ஒட்டிப் பிடித்தால், புகை ஹால் பக்கம் படுத்து ஓடும். சிம்னியை நிறுத்தினால் நேராக எழும். பிறகு சமையலறை ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்துவிட்டுச் சிம்னியைப் போட்டால் கதவடியில் இழுப்பு நன்றாகக் குறையும். குறையாவிட்டால் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் எங்காவது ஓடுகிறதா பாருங்கள்.

வேலு_கோத்தகிரி
அப்ப கதவடியில ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ அடிச்சா போச்சே?

காற்றோட்டம்
பாதி போகும். ஜன்னலைத் திறக்காமல் இடுக்கை மட்டும் அடைத்தால் சிம்னி வேறு ஓட்டை தேடும். பாத்ரூம் வடிகால், பைப் போன துளை என்று அங்கிருந்து சாக்கடை வாசனை வரும். அதற்கும் உங்களைத்தான் குற்றம் சொல்வார்கள். முதலில் ஜன்னல், பிறகு பட்டை.

இன்னொன்று, அவர்கள் பால்கனியில் துணி காய்கிறதா? மூட்டத்தில் இரண்டு நாள் ஈரமாகவே தொங்கும் துணி புகை வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பட்டையும் ஜன்னலும் உதவாது.

சரவணன்_ஊட்டி
பால்கனியில ஒரு டேபிள் ஃபேன் வெச்சு வெளிய தள்ளினா? இல்லைன்னா ஏர் ப்யூரிஃபையர்?

காற்றோட்டம்
ஃபேன் ஓரிரண்டு மீட்டர் தள்ளும், அதற்குள் காற்று வேகம் இழக்கும், சுழல் திரும்பச் சுவருக்கே கொண்டுவரும். ப்யூரிஃபையர் மூடிய அறைக்கானது, திறந்த பால்கனியில் வைத்தால் கரண்ட் பில்தான்.

மாதன்
நான் சொன்ன பாய்லர் விஷயத்தை யாரும் கண்டுக்கலையே. கீழ் வீடுகள்ல சாயங்காலம் குளிக்கறதுக்கு யூக்கலிப்டஸ் விறகு போட்டா ஏரியா முழுக்க நாறும். அதுக்கு யாரும் புகார் குடுக்க மாட்டாங்க, சிகரெட்டுக்கு மட்டும் குடுப்பாங்க.

நெடுநாள்வாசி
விறகு பாய்லர் வாசனைக்கும் சிகரெட் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் மலையில் இருக்கிறார்களா? கீஸரே இல்லாத வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்ட வேறு என்ன செய்வார்கள்? இதையும் அதையும் ஒன்றாக்காதீர்கள்.

மாதன்
வித்தியாசம் தெரியும் சார். உங்க வீட்டுல கீஸர் இருக்கு, அதனால பாய்லர் புகை உங்களுக்கு அழகா தெரியுது. எங்க தெருவுல மூணு பாய்லர் ஓடுது.

நெடுநாள்வாசி
என் வீட்டில் என்ன இருக்கிறது என்பது இந்த இழைக்கு வேண்டாத விஷயம்.

ஸ்டாம்ப்பேப்பர்
பாய்லரை விட்டு உரிமைக்கு வருவோம். 2003 புகையிலைச் சட்டத்தில் தடை உள்ளது பொது இடத்துக்கு. நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பால்கனி அதில் வராது. சரவணன் சொன்ன 200 ரூபாய் இங்கே பொருந்தாது. பொதுப் படிக்கட்டில் நின்று பிடித்தால் வாதத்துக்கு இடம் உண்டு, அங்கே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஓனர் கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது. காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகை நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டும். ஆனால் நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது காலி செய்யக் கேட்க ஒரு காரணமாகும். ஒரே ஒரு மேல் வீட்டாரின் சிகரெட் புகார் அதற்குள் வருமா என்பதில் இரு பக்கமும் வாதிடலாம். அக்ரிமென்டில் இடையூறு பற்றித் தனி ஷரத்து இருந்தால் அவர் கை ஓங்கும்.

நடைமுறை என்னவென்றால், இன்னும் நான்கு மாதம்தான். ஜெயித்தாலும் புதுப்பிக்கமாட்டார். குன்னூரில் அந்த வாடகைக்கு உடனே வேறு வீடு கிடைக்குமா என்று யோசியுங்கள். இன்னொரு எச்சரிக்கை: "இனிப் பிடித்தால் உடனே காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதுங்கள், இப்படி:

"ஐயா, உங்கள் செய்தி பார்த்தேன். மேல் வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கும் எண்ணம் இல்லை. இன்று முதல் பதினைந்து நாள் பால்கனியில் புகைக்க மாட்டேன், காம்பவுண்ட் கேட்டுக்கு வெளியே போய்விடுகிறேன். அந்த நாட்களில் எப்போதாவது வாசனை வந்தால் தேதியும் நேரமும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பதினைந்தாம் நாள் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்."

கடைசி இரண்டு வரிதான் முக்கியம். நீங்கள் பால்கனிப் பக்கமே போகாத நேரத்தில் வாசனை குறிக்கப்பட்டிருந்தால் வேறு மூலம் இருக்கிறது, அது மாதனின் பாய்லராகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் நின்றுவிட்டால் காரணம் நீங்கள்தான், பேச்சு முடிந்தது.

மாதன்
பாருங்க, இப்ப பாய்லர் வந்துருச்சு.

வேலு_கோத்தகிரி
கேட்டுக்கு வெளிய போறீங்கன்னா துண்டைத் தரையில போட்டு மிதிக்காதீங்க. பனிக்காலம் முடிஞ்சு மார்ச் வரைக்கும் சரிவுப் புல் எல்லாம் காஞ்சு கிடக்கும், காஞ்ச யூக்கலிப்டஸ் இலை ஒரு பொறியில பிடிச்சுக்கும். மூடி போட்ட டப்பாவுல மணல் போட்டு கேட் கிட்ட வெச்சுக்குங்க. திறந்த டப்பா வெச்சா மழையில நனைஞ்சு அதுவே தனி நாத்தம்.

நெடுநாள்வாசி
முழு சட்டமும் சிம்னி சோதனையும் வேண்டாம். மேலே போய் ஒரு வார்த்தை "மன்னிக்கணும்" என்று சொன்னால் பாதி முடிந்துவிடும். இதைக் கூடச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

காற்றோட்டம்
அதையும் செய்யலாம். ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகும் சிம்னி இழுக்கும்.

பனிமூட்டம்23
ஸ்டாம்ப்பேப்பர் சார் எழுதினதை அப்படியே ஓனருக்கு அனுப்பிட்டேன், சரின்னார். மேல் வீட்டு அங்கிள் கிட்டயும் பேசினேன், ஊதுபத்தி டெஸ்ட் அவரே பண்ணிப் பார்த்தார், கதவடியில நல்லா இழுக்குதாம். ஜன்னலைத் திறந்தா குளிருது, ஆன்ட்டி ஒத்துக்கலை. இப்போதைக்கு கேட் தான். எல்லாருக்கும் நன்றி.

காற்றோட்டம்
நான்கு விரல் திறக்க வேண்டாம், இரண்டு விரல் போதும் என்று ஆன்ட்டியிடம் சொல்லிப் பாருங்கள். சமைக்கும் நேரம் மட்டும்தான்.

ஸ்டாம்ப்பேப்பர்
அக்ரிமென்டில் இடையூறு ஷரத்து இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பெயர், கதவு எண்ணை மறைத்து.