புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்க வருமான வரி அட்டவணை, சம்பளச் சீட்டு, 17,235 ராண்ட்

முன்பு கேட்டது: "ஆண்டுச் சம்பளம் 400,000 ராண்ட். நான் போட்ட அட்டவணையில் வரி 86,507 வருகிறது. சம்பளச் சீட்டில் மாதம் 5,772.67தான் பிடிக்கிறார்கள். மீதி எங்கே?"

டர்பனில் கணக்கு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என் அட்டவணையை வரி வரியாகப் பார்த்தார். 2025/26 ஆண்டுக்கு அது இப்படி:

| அடுக்கில் விழும் தொகை | விகிதம் | வரி |
|---|---|---|
| முதல் 237,100 | 18% | 42,678 |
| அடுத்த 133,400 | 26% | 34,684 |
| மீதி 29,500 | 31% | 9,145 |
| மொத்தம் | | 86,507 |

கூட்டல் சரிதான், ஆனால் இது கடைசி வரி இல்லை என்றார். எல்லோருக்கும் உள்ள அடிப்படைத் தள்ளுபடி 17,235ஐ இதிலிருந்து கழித்தால் 69,272. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சீட்டில் உள்ள தொகை அப்படியே வருகிறது. தள்ளுபடியை வருமானத்தில் கழிக்கக் கூடாது, வரியில்தான் கழிக்க வேண்டும். வருமானத்தில் கழித்தால் எனக்கு 5,343 மட்டுமே குறையும்.

"மருத்துவக் காப்பீட்டுக் கழிவாக இருக்கும்" என்று சொன்ன தம்பிக்கு: அதுவும் வரியைக் குறைக்கும், ஆனால் என்னிடம் காப்பீடே இல்லை. சாட்ஸ்வர்த் மாமா தன் ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். 65 வயது ஆனவர்களுக்கு 2025/26 ஆண்டில் கூடுதலாக 9,444 தள்ளுபடி உண்டு, மாமா.

டிசம்பர் போனசுக்கான வரியை அந்த மாதமே மொத்தமாகப் பிடிப்பார்களா, முன்பிருந்தே பிரித்துப் பிடிப்பார்களா என்று எங்கள் சம்பளப் பிரிவில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.