இன்ட்ராடே லாபம் 6,800 காட்டுகிறது, லெட்ஜரில் 3,203தான் ஏறியிருக்கிறது. மீதி எங்கே போனது?

புதுப்பயணி:
வணக்கம். 2025 ஜனவரியில் இன்ட்ராடே மட்டும்தான், அதாவது வாங்கியதை அன்றே விற்பது மட்டும்தான் செய்தேன். மொத்தம் 40 முறை வாங்கி விற்றிருக்கிறேன், அதாவது 80 ஆர்டர். ஒவ்வொன்றும் சுமார் ஒரு லட்ச ரூபாய்க்கு. மாதம் முழுக்க வாங்கியது 40,00,000, விற்றது 40,06,800. ஆப்பில் லாபம் 6,800 என்று பச்சையில் நிற்கிறது. புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது 0.03%, எது குறைவோ அது. 80 ஆர்டருக்கு 1,600 கழித்தால் 5,200 வர வேண்டும். நடுவில் நான் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆனால் லெட்ஜரில் ஏறியது 3,203 மட்டும். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

வைகைக்கரை:
டிபி சார்ஜ் பார்த்தீர்களா? எனக்கும் போன மாதம் விற்ற நாளிலெல்லாம் தனியாகப் பிடித்தார்கள். ஒரு பங்கு விற்றாலும் அதே தொகைதான்.

கடைவீதி:
அது எஸ்டிடி, பங்குப் பரிவர்த்தனை வரி. வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. அப்புறம் லாபத்தில் 20% குறுகிய கால மூலதன ஆதாய வரி வேறு.

கணக்குப்பிள்ளை:
வைகைக்கரை சொல்வது டெலிவரிக்கு. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போனால்தான் டிபி சார்ஜ். இன்ட்ராடேயில் பங்கு டீமேட்டுக்கே வருவதில்லை.

கடைவீதி, எஸ்டிடி என்பது சரி, விகிதம்தான் டெலிவரியுடையது. இன்ட்ராடேக்கு விற்கும் பக்கம் மட்டும் 0.025%. வருமான வரியை புரோக்கர் லெட்ஜரில் பிடிக்கவும் மாட்டார். அது மூலதன ஆதாயமும் இல்லை. ஊக வணிக வருமானமாக மற்ற வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரும்.

புதுப்பயணி, ஒரே விஷயம்தான் விடுபட்டிருக்கிறது. புரோக்கரேஜ் தவிர மற்ற எல்லாம் லாபத்தின் மேல் இல்லை, புரண்ட தொகையின் மேல். நீங்கள் 6,800-ஐப் பார்க்கிறீர்கள், அவர்கள் 80 லட்சத்தைப் பார்க்கிறார்கள்.

எஸ்டிடி, விற்ற 40,06,800-க்கு 1,001.70. முத்திரைத் தீர்வை வாங்கிய பக்கம் மட்டும் 0.003%, அது 120. என்எஸ்இ கட்டணம் இரு பக்கமும் சேர்த்த தொகைக்கு 0.00297% (2024 அக்டோபர் 1 முதல் அமலான விகிதம்), 237.80. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய், 8.01. ஜிஎஸ்டி 18%, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. எஸ்டிடியையும் முத்திரைத் தீர்வையையும் விட்டுவிட்டு, 1,600 + 237.80 + 8.01-க்கு மட்டும் போட வேண்டும். 332.25 வரும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள்.

புரோக்கரேஜோடு சேர்த்து மொத்தம் 3,299.76. நிகரம் 3,500.24.

புதுப்பயணி:
ரொம்ப நன்றிங்க. ஆனால் 3,203-க்கு இன்னும் 297 இடிக்கிறதே?

கணக்குப்பிள்ளை:
மாலையில் பொசிஷனை நீங்களே மூடினீர்களா, புரோக்கரே மூடிவிட்டாரா? லெட்ஜரில் ஆட்டோ ஸ்கொயர் ஆஃப் என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள்.

புதுப்பயணி:
இருக்கிறது! ஒவ்வொன்றும் 59 ரூபாய், 5 வரி. ஆப்பின் லாபப் பக்கத்தில் இது வரவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
50 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 9-ம். ஐந்துக்கு 295. அப்போது 3,205.24. மிச்சம் இரண்டேகால் ரூபாயைத் துரத்த வேண்டாம். எஸ்டிடியை கான்ட்ராக்ட் நோட்டில் அன்றன்று முழு ரூபாயாக்கிவிடுவார்கள், மாதத்துக்கு மொத்தமாகப் போட்டால் அந்த அளவு முன்பின் வரும்.

அடுத்த மாதம் ஆர்டர் தொகை 66,667-க்குக் கீழே போனால் 20 என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்காதீர்கள். ஆர்டர் தொகை B2-இல் இருந்தால்:

```
=MIN(20, B2*0.0003)
```

ஒரே ஆர்டர் நாலு துண்டாக நிறைவேறியிருந்தால் டிரேட் புக்கில் நாலு வரி இருக்கும். அதைக் கூட்டி ஒரே ஆர்டராக எடுங்கள்.

வைகைக்கரை:
அப்படியென்றால் ஒரு முறை வாங்கி விற்கச் செலவு 82 ரூபாய்க்கு மேலா?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், இவர் அளவுக்கு 82.50. 500 ரூபாய் பங்கு 200 வாங்கினால், 41 பைசாவுக்கு மேல் ஏறிய பிறகுதான் லாபமே. 30 பைசாவில் வெளியே வந்தால் ஆப் 60 ரூபாய் லாபம் காட்டும், கையில் 22 ரூபாய் நஷ்டம்.

புதுப்பயணி:
அப்படி 30, 35 பைசாவில் வெளியே வந்தவை என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. இன்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இன்னொன்று, புரோக்கர் மூடியது நாலு நாள் என்றுதான் நினைவு. வரி ஐந்து இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
ஒரே நாளில் இரண்டு பங்கு திறந்திருந்தால் இரண்டு முறை பிடிப்பார்கள். அந்த ஐந்து தேதிகளின் கான்ட்ராக்ட் நோட்டில் கடைசி ஆர்டரின் நேரத்தைப் பாருங்கள். நீங்களே மூடிய ஆர்டருக்குப் பிடித்திருந்தால் டிக்கெட் போட்டுக் கேளுங்கள்.