12 மாதம் சம்பளம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம், தாளில்தான்

பகல்நேரம்

போனஸ் வந்திருந்தது. அதை அப்படியே பங்கு நிதியில் போட்டுவிட்டு, மாதாமாதம் போடும் தொகையையும் கொஞ்சம் கூட்டலாம் என்று இருந்தேன். "நாளைக்கே உங்களுக்கு வேலை போனா ஒரு வருஷம் வீடு ஓடுமா?" என்று மனைவி கேட்டாள். தாராளமாக ஓடும் என்றேன். கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உண்மைத் தொகை எதற்கு? இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 75, அவளுடையது 25. வீட்டுக் கடன் தவணை 24 உட்பட மாதச் செலவு 68. சேமிப்புக் கணக்கில் 240, வைப்பு நிதியில் 150, பங்கு நிதியில் 600. வந்த போனஸ் 60.

என் முதல் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. செலவை 45க்கு இறக்கிவிடலாம், அவள் சம்பளம் 25 போக துண்டு விழுவது 20. 12 மாதத்துக்கு 240. சேமிப்புக் கணக்கில் இருப்பதும் 240! அவ்வளவு கச்சிதமாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"45இல் வாழ்ந்து பார்த்திருக்கிறோமா?" என்றாள். இரண்டு மாதம் நிஜமாகவே முயன்றோம். 53க்குக் கீழே போகவில்லை. தவணை அசையாது, பிள்ளைகள் படிப்புச் செலவு அசையாது, வேலை தேடுகிறவனுக்கு போனும் இணையமும் வேண்டும். வெளியே சாப்பிடுவது, துணிமணி, பயணம் இவைதான் குறைந்தன.

அப்புறம் மாதம் மாதமாக எழுதினோம். B வரவு, C செலவு, D வருடத்துக்கு ஒருமுறை வரும் பில், E இருப்பு:

```
=E2+B3-C3-D3
```

வேலை போன மறுநாளே யாரும் சிக்கனத்துக்கு மாறிவிடுவதில்லை. அதனால் முதல் 2 மாதத்துக்குச் செலவை 68 என்றே போட்டோம். கம்பெனி கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், சொந்தமாக எடுக்க 2ஆம் மாதம் 12. பள்ளிக் கட்டணமும் வண்டிக் காப்பீடும் சேர்ந்து 5ஆம் மாதம் 30. 6ஆம் மாத முடிவில் சேமிப்புக் கணக்கு சரியாகப் பூஜ்யம். வைப்பு நிதியை உடைத்தால் 11ஆம் மாத முடிவில் கையில் 10 மட்டும். 12ஆம் மாதம் 18 குறைகிறது.

இதை யாராவது நிஜமாகவே கடந்து வந்திருக்கிறீர்களா?

சில்லறை

எல்லாத்துக்கும் காரணம் அந்த 24தான் நண்பரே. 240ஐத் தூக்கிக் கடனில் கட்டுங்கள். தவணை குறைந்தால் செலவு தானாகக் குறையும். கடன் இல்லாதவனுக்குத்தான் ராத்திரி தூக்கம் வரும். நான் அப்படித்தான் முடித்தேன், இன்றுவரை வருத்தமே இல்லை.

பழைய கவுன்டர்

20 வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். சில்லறை, நீங்கள் கடனை முழுசாக முடித்தீர்கள். பாதியில் கட்டுவது வேறு கதை. பகல்நேரம், உங்கள் கடனில் பாக்கி எவ்வளவு?

பகல்நேரம்

1920 சார்.

பழைய கவுன்டர்

அப்படியானால் 240 என்பது எட்டில் ஒரு பங்கு. பெரும்பாலும் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டினால் தவணை அப்படியே இருக்கும், கடைசியில் சில மாதங்கள்தான் குறையும். தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்று நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினாலும் 24 என்பது 21 ஆகும். 12 மாதத்தில் மிச்சம் 36. அதற்காக 240ஐ உள்ளே போட்டுவிட்டு, 3ஆம் மாதம் திரும்ப வேண்டும் என்று வந்தால் என்ன கேட்பார்கள் தெரியுமா? கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கிரெடிட் கார்டு வரம்பையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதையும் எப்போது வேண்டுமானாலும் குறைப்பார்கள்.

600ஐ நீங்கள் தொடாமல் விட்டது சரி. ஆனால் "அது இருக்கவே இருக்கு" என்று மனசுக்குள் வைத்திருந்தால், பாதியாக எழுதிப் பாருங்கள். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல் விழுந்தது. அங்கே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில். சந்தை விழுவதும் வேலை போவதும் ஒரே காலத்தில் வரும் என்பதுதான் இதில் சிக்கல்.

மூங்கில்

எனக்கும் இதே நிலைதான்! 12 மாதமாக என் ஃபண்டு நஷ்டத்தில் ஓடுகிறது. விற்றுவிடலாமா, இன்னும் போட்டு சராசரி செய்யலாமா?

பகல்நேரம்

மூங்கில், இது சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கு. உங்களுடையதைத் தனியாகக் கேளுங்கள், நிறையப் பேர் வருவார்கள்.

வடக்கு ஜன்னல்

நான் 11 மாதம் வேலையில்லாமல் இருந்தேன் தம்பி. உங்கள் தாளில் இரண்டு இடம் விட்டுப்போயிருக்கிறது.

கம்பெனி தர வேண்டிய கடைசிப் பணத்தை நான் முதல் மாத வரவாக எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து, கணக்கு முடிப்பு என்று இழுத்து, வந்தது 4ஆம் மாதம். அதற்குள் நல்ல வட்டியில் இருந்த டெபாசிட்டை உடைத்துவிட்டேன். நீங்கள் அதை எழுதவே இல்லை, அப்படியே விடுங்கள். வந்தால் வரட்டும்.

இன்னொன்று, 12ஆம் மாதம் வேலை கிடைத்தால் 12ஆம் மாதம் சம்பளம் வராது. சேர்ந்து ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் பணம். எனக்குப் பழைய சம்பளமும் கிடைக்கவில்லை, ஏறக்குறைய 80 சதவீதம்தான். வரிசையை 12இல் நிறுத்தாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம்: முதலில் நாங்கள் குறைத்தது மகளின் நீச்சல் வகுப்பு. அந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நாங்கள் மிச்சம் பிடித்ததோ அற்பத் தொகை. எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

இரட்டைத் தடம்

நானும் கணவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கிறோம். இந்தக் கணக்கில் "அவளுடைய 25" என்ற வரியே எங்களுக்குக் கிடையாது. போதாததற்கு எங்கள் சேமிப்பில் பாதி அதே நிறுவனத்தின் பங்கு. படித்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஆனால் 12 மாதத்துக்கும் பணத்தை வைப்பு நிதியில் முடக்கினால் விலைவாசி தின்றுவிடாதா?

பழைய கவுன்டர்

தின்னும்தான் அம்மா. அதைக் காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. இருவருக்கும் வேறு வேறு துறையில் வேலை இருந்தால் 6 மாதம் போதும் என்பவர்களும் உண்டு, அவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. முதலில் அந்தச் சொந்த நிறுவனப் பங்கைக் குறையுங்கள்.

பகல்நேரம்

வடக்கு ஜன்னல் அக்கா சொன்னபடி 13ஆம் வரிசை சேர்த்தேன். போனஸ் 60ஐயும் சேமிப்போடு வைத்தால் 12ஆம் மாத முடிவில் 42 மிஞ்சுகிறது, 13ஆம் மாதம் போனபின் 14. ஆகவே போனஸ் இந்த வருஷம் பங்குக்குப் போகவில்லை. வைப்பு நிதியையும் ஐந்து சிறு ரசீதுகளாகப் பிரித்துப் போடப் போகிறேன், ஒன்று வேண்டுமென்றால் முழுசையும் உடைக்க வேண்டியதில்லை. மாதம் 25 முதலீடு தொடரும், கூட்டவில்லை.

மனைவியிடம் அந்த 14ஐக் காட்டினேன். "நடுவுல 3 மாசம் என் சம்பளமும் நின்னா?" என்றாள். 75 வேண்டும். இன்னும் பதில் சொல்லவில்லை.