சாங்ஷனுக்கு முன்னாலேயே வீட்டுக் கடன் வேண்டாம்னு சொன்னவங்க: பத்திரமும் ஃபீஸும் எப்படி திரும்பி வந்தது?

கதிர், சேலம்

சொந்த மனையில் வீடு கட்ட 40 லட்சத்துக்கு ஒரு வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பிராசஸிங் ஃபீஸ் 0.5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். ஜிஎஸ்டி 3,600 சேர்த்து 23,600 கட்டியாச்சு. லீகல் ஒப்பீனியனுக்கும் வேல்யுவேஷனுக்கும் தனியாக 6,000. கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் இரண்டையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிரப்பாத செக் மூன்றும் அவர்களிடம் இருக்கிறது. சாங்ஷன் இன்னும் வரவில்லை. இப்போது இன்னொரு வங்கியில் வட்டி குறைவாகக் கிடைக்கிறது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றவர்கள் என்ன வரிசையில் செய்தீர்கள், எது சிக்கியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ப்ரியா, மதுரை

கவலையே வேணாம் அண்ணா. ஆர்பிஐ ரூல் இருக்கு. 30 நாளுக்குள்ள பத்திரத்தைத் திருப்பித் தரலைன்னா நாளுக்கு 5,000 ரூபாய் பேங்க் உங்களுக்குக் கட்டணும். லெட்டர்ல இதைப் போட்டுக் கொடுங்க, ஓடி வந்து தருவாங்க.

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

ப்ரியா சொல்லும் விதி உண்மைதான். 2023 செப்டம்பரில் வந்தது, அந்த டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அது கடனை முழுவதும் அடைத்து முடித்தவர்களுக்கு. கதிருக்குக் கடனே இன்னும் பிறக்கவில்லை. கடிதத்தில் அந்த 5,000 ரூபாயைக் குறிப்பிட்டால், படிக்கும் அதிகாரிக்கு "இவருக்கு விதி தெரியாது" என்றுதான் தோன்றும். மீதி நியாயமான கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து அடிபடும்.

கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எது சிக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் கிளைக்குப் போய் வாயால் "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். கிளையில் தலையாட்டுவார்கள். ஆனால் ஃபைல் கிளையில் இருக்காது. பிராசஸிங் சென்டரில் அது தன்பாட்டுக்கு நகர்ந்து, ஒரு நாள் சாங்ஷன் விழுந்துவிடும். பிறகு ஃபீஸ் கேட்டால் "சாங்ஷன் ஆகிவிட்டதே" என்று பதில் வரும். ஆகவே சண்டை எல்லாமே தேதியில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் தேதி சாங்ஷன் தேதிக்கு முந்தியது என்று காட்ட முடிகிறதா, அவ்வளவுதான்.

முதலில் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே கிளையின் மெயிலுக்கும் பிராசஸிங் சென்டர் மெயிலுக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள். விண்ணப்ப எண் சப்ஜெக்ட் வரியிலேயே இருக்கட்டும். மெயிலுக்கு நேரமும் பதிவாகும் என்பதால் அதுதான் முதல் ஆதாரம். பிறகு அதே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை எடுத்து வையுங்கள். இணை விண்ணப்பதாரர் இருந்தால் அவரும் கையெழுத்திட வேண்டும். இது விட்டுப்போய், "இருவரும் கேட்கவில்லை" என்று கடிதம் திரும்பிய ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன்.

சேகர், திருப்பூர்

எங்க மாமா போன வருஷம் லோனை முன்கூட்டியே அடைச்சாரு. ஃபோர்குளோஷர் சார்ஜ் கேட்டாங்க. ஃப்ளோட்டிங் ரேட்டுக்கு அது கேட்கக் கூடாதுன்னு சொன்னதும் விட்டுட்டாங்க. நீங்களும் அப்படிக் கேளுங்க.

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

சேகர், அது நடப்பில் இருக்கும் கடனை அடைப்பது. இங்கே அடைக்க ஒன்றுமில்லை.

செல்வி, கும்பகோணம்

பத்திர அலுவலக வேலையில் இருக்கிறேன், பத்திரப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். லீகலுக்குப் போன ஒரிஜினல் பல நேரம் கிளையில் இருக்காது, பேனல் வக்கீல் அலுவலகத்தில்தான் கிடக்கும். கிளையில் கேட்டால் சென்டர், சென்டரில் கேட்டால் வக்கீல் என்று சுற்ற விடுவார்கள். அதனால் கடிதத்திலேயே "ஆவணங்கள் தற்போது யார் பொறுப்பில் உள்ளன என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். வக்கீலிடமிருந்து வாங்கித் தருவது வங்கியின் வேலை. நீங்களே போய் வக்கீலிடம் வாங்கினாலும் வங்கிக்கு மெயிலில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கொடுத்தபோது வாங்கிய ரசீது இருக்கிறதா? அதில் "சட்ட ஆய்வுக்காக" என்று இருந்தால் நல்லது. கடனுக்கு ஈடாக வைக்கும் நோக்கத்தோடு ஒப்படைத்தால்தான் அடமானம், சரிபார்க்கக் கொடுத்தது அடமானம் ஆகாது. ரசீதே இல்லையென்றால், கடிதத்தில் ஒவ்வொரு பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி, "ஆய்வுக்காக ஒப்படைத்தவை" என்று குறிப்பிடுங்கள். வங்கி மறுக்காமல் அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டால் அதுவே உங்களுக்கு ஒரு ரசீது மாதிரி.

திரும்ப வாங்கும்போது மேசையிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஸ்கேன் செய்ய நூலைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருப்பார்கள். அப்போது காணாமல் போவது பெரும்பாலும் சொத்து விவரம் உள்ள பக்கமோ கடைசியில் இணைத்த வரைபடமோதான். அதைப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சிட்ட வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, "பத்திரங்கள் மட்டும் பெற்றேன், கட்டணக் கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று எழுதுங்கள். அந்த அச்சிட்ட வரியை அடிக்காமல் ஃபீஸை இழந்தவர்கள் நிறைய.

கடைசியாக tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடன் ஒப்பந்தம் ஆகாததால், பத்திரத்தை ஈடாக ஒப்படைத்ததைக் காட்டும் எம்ஓடி பதிவாகியிருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. புது வங்கிக்கு அவசரம் என்றால், ஒரிஜினல் வரும்வரை சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு வாங்கி, அதை வைத்து லீகல் வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.

கதிர், சேலம்

செல்வி மேடம், ரொம்ப நன்றி. ரசீதில் "ஆவணங்கள் பெறப்பட்டன" என்று மட்டும்தான் இருக்கிறது. எண் எதுவும் இல்லை, கடிதத்தில் எழுதிவிடுகிறேன். ஃபீஸ் விஷயத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தேன். "சாங்ஷனுக்குப் பின் திரும்பத் தரப்படாது" என்று இருக்கிறது. முன்னால் என்றால் என்ன என்று ஒன்றுமே இல்லை.

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

அது உங்களுக்குச் சாதகமான இடம். ஃபீஸைக் கட்டாயம் திருப்பித் தரவேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. ஆனால் கடன் சாங்ஷனோ டிஸ்பர்ஸோ ஆகாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளருக்கு வங்கி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆர்பிஐ சொல்கிறது. 2003-ல் வந்த நியாய நடைமுறை விதிகளிலேயே, கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று விண்ணப்பப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று உண்டு. உங்கள் படிவம் சாங்ஷனுக்குப் பிந்தையதை மட்டும் பேசிவிட்டு முந்தையதை விட்டிருக்கிறது. வங்கி இணையதளத்தில் சேவைக் கட்டணப் பட்டியலையும் பாருங்கள். அங்கே "லாகின் ஃபீஸ்" என்று ஒரு தொகை திரும்பாது என்று இருக்கலாம். அப்படி இருந்தால் அதை விட்டு மீதியைக் கேளுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பேசிப் பார்த்து, பாதியைப் பிடித்துக்கொள்கிறோம் என்று வங்கி ஒப்புக்கொண்டால், வர வேண்டியது 10,000 அல்ல, 11,800. திரும்பும் தொகைக்கான ஜிஎஸ்டி 1,800 அதில் சேர வேண்டும். "வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம்" என்பது அடிக்கடி வரும் பதில். கிரெடிட் நோட் போட்டு வங்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் செய்ய வேண்டும். எனவே இழுத்தடிக்க விடாதீர்கள். ஃபீஸ் கட்டியதற்கான இன்வாய்ஸ் எண்ணைக் கடிதத்தில் போடுங்கள்.

வக்கீலுக்கும் இன்ஜினியருக்கும் போன 6,000-ஐ மறந்துவிடலாம். வேலை முடிந்துவிட்டது. ரிப்போர்ட் நகல் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள் என்பதே என் கணிப்பு. தந்தாலும் புது வங்கி தன் பேனலில்தான் மறுபடி எடுக்கும்.

செக்குகளின் எண்களைப் பட்டியலிட்டுக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் கணக்கு உள்ள வங்கியில் அந்த எண்களுக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிடுங்கள். ஆதார், சம்பளச் சான்று ஜெராக்ஸ் போன்றவற்றைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

கடிதம் இந்த அளவு போதும்:

"விண்ணப்ப எண் ___. மேற்படி வீட்டுக் கடன் விண்ணப்பத்தை இன்று, ___ தேதி, சாங்ஷனுக்கு முன்பாகத் திரும்பப் பெறுகிறோம். இனி இதன் மீது மேல்நடவடிக்கை வேண்டாம். ஆய்வுக்காக ஒப்படைத்த கீழ்க்கண்ட ஒரிஜினல் பத்திரங்களையும் ___ எண்ணுள்ள செக்குகளையும் திருப்பித் தரவும். அவை யார் பொறுப்பில் உள்ளன என்று எழுத்தில் தெரிவிக்கவும். இன்வாய்ஸ் எண் ___ படி செலுத்திய பிராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி உட்பட 23,600 ரூபாயை எங்கள் கணக்கில் வரவு வைக்கவும். ஏதேனும் தொகை பிடிக்கப்பட்டால், எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிடவும்."

காரணம் எழுத வேண்டியதில்லை. வேறு வங்கியில் வட்டி குறைவு என்று எழுதினால், அவர்கள் வட்டியைக் குறைப்பதாகச் சொல்லி ஃபைலை இன்னும் கொஞ்சம் ஓட்டுவார்கள்.

ப்ரியா, மதுரை

அதுல ஒண்ணு சார், வட்டியைக் குறைச்சா நல்லதுதானே? அதையும் கேட்டுப் பார்க்கலாமே.

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

கேட்கலாம். ஆனால் வாபஸ் கடிதத்துக்கு முன்னால். கொடுத்த பிறகு பேரம் பேசினால், "வாடிக்கையாளர் கடனில் ஆர்வமாகத்தான் இருந்தார்" என்று ஃபைலில் குறிப்பு ஏறும், உங்கள் தேதிக்கு மதிப்புப் போய்விடும்.

அன்சாரி, நாகர்கோவில்

டிஎஸ்ஏ ஏஜென்ட் மூலமா போனவங்களுக்கு ஒரு விஷயம். ஏஜென்ட் ஜெராக்ஸும் செக்கும் வாங்கி வெச்சுட்டு, பேங்க்ல லாகின் பண்ணாமலே இருக்கலாம். விண்ணப்ப எண் வங்கி எஸ்எம்எஸ்ல வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா செக் ஏஜென்ட்கிட்டதான் இருக்கு, அங்கே போய் வாங்குங்க. அப்புறம் சிபில்ல என்கொயரி பதிவாகியிருந்தா வாபஸ் வாங்கினாலும் அது போகாது. நாமே சம்மதம் கொடுத்ததுதானே.

கதிர், சேலம்

ஏஜென்ட் இல்லை, நேரடியாகத்தான். பதிலே வரவில்லை என்றால் அடுத்தது என்ன?

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு புகார் கொடுத்து, 30 நாள் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வங்கி இல்லாமல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் தளத்தில் புகார் செய்ய வேண்டும். படிவத்தில் "எந்நிலையிலும் திரும்பாது" என்று தெளிவாக இருந்தால் ஃபீஸுக்கு ஒம்புட்ஸ்மனிடமும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, பத்திரத் தாமதத்துக்கு மட்டும் அங்கே பலன் இருக்கும்.

செல்வி, கும்பகோணம்

ஃபீஸில் ரங்கநாதன் சாரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சாங்ஷனுக்கு முன் என்று படிவம் ஒன்றும் சொல்லாதபோது, பாதிக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டியதில்லை, முழுவதும் கேட்கலாம்.

ரங்கநாதன், ஸ்ரீரங்கம்

கேட்பது முழுவதும்தான் மேடம், கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஃபைலை ஆராய்ந்த வேலை நடந்துவிட்டது என்று அவர்கள் வாதிடுவார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. கதிர், பத்திரம் கைக்கு வரும்வரை ஃபீஸ் பேச்சை மெயிலோடு நிறுத்துங்கள், கவுன்டரில் சூடாக்க வேண்டாம்.