‘ரிவர்ஸ் அவுட்லைன்’: தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செல்வி: வணக்கம். தன்னனுபவக் கட்டுரை வகுப்புக்குக் கைத்தாள் தயாரிக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எழுதி முடித்த கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரி குறித்துவிட்டு, பிறகு அந்த வரிகளை மட்டும் படிப்பதுதான் ரிவர்ஸ் அவுட்லைன். ஒரு மாணவியின் கட்டுரையில் செய்து பார்த்தோம். தலைப்பு ‘நினைவுகள்’, ஒன்பது பத்தி. 2, 5, 8 மூன்றுக்கும் விழுந்த வரி ஒன்றே: ‘அப்பா அதிகம் பேசமாட்டார்’. முதல் பத்திக்கு வரியே எழுத வரவில்லை. இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

முரளி: தலைகீழ்ச் சட்டகம். என் மொழிபெயர்ப்புகளில் அதுதான்.

புலவர் ஐயா: எது தலைகீழாகத் தொங்குகிறது தம்பி? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்றாவது ‘கூறியது கூறல்’. அந்த முதல் பத்தி ‘வெற்றெனத் தொடுத்தல்’. சூத்திரத்துக்குச் சுருக்கமாக எழுதும் காண்டிகையுரையில் முதலில் நிற்பது கருத்து. ஆகவே ‘கருத்துக்காண்டிகை’.

ரஹீம்: எழுதும் முன்பே குறிப்பு எடுத்தால் இந்த வேலையே இல்லையே? என் பயணக் கட்டுரைக்கு அப்படித்தான் செய்தேன்.

செல்வி: அது நீங்கள் எழுத நினைத்தது ரஹீம். இது எழுதி வைத்திருப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ‘பின்வரைவு’ என்று வைக்கலாமா?

புலவர் ஐயா: அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். பின்வரைவு மறுமணம் ஆகிவிடும்.

நாச்சியார்: காண்டிகை என்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் ஐயா. ‘கருத்துவரி’ போதும். செல்வி, மூன்றையும் உடனே வெட்டிவிடாதீர்கள். பத்தி என்ன சொல்கிறது என்பதோடு, அந்த இடத்தில் எதற்கு நிற்கிறது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

செல்வி: எழுதச் சொன்னேன். 2-க்கும் 5-க்கும் அதுவும் ஒன்றாகவே வந்தது, சேர்த்துவிட்டாள். 8-க்கு ‘இப்போது நானும் பேசுவதில்லை’ என்று எழுதினாள். அது இருக்கட்டும் என்றேன். முதல் பத்தி போயிற்று.

முரளி: கருத்துவரியா? ஜிஎஸ்டி எத்தனை சதவீதம்?

புலவர் ஐயா: நூலுக்குப் பொருளாலும் பெயர் வரலாம் என்கிறது நன்னூல். ‘நினைவுகள்’ அவள் கட்டுரைக்கு மட்டுமா பொருந்தும்? ஊரில் பாதிக் கட்டுரைக்கு வைக்கலாம்.

செல்வி: ஓர வரிகளிலேயே தேடினோம் ஐயா. ஏழாவது: ‘தினமும் காலையில் என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டு வைப்பார்’. அதிலிருந்து ‘செயினுக்கு எண்ணெய்’ எடுத்தாள்.

ரஹீம்: சைக்கிள் ரிப்பேர் பற்றி என்று நினைத்துவிட மாட்டார்களா?

நாச்சியார்: நினைக்கட்டுமே, இரண்டாம் பத்தியில் அப்பா வந்துவிடுவார்.

செல்வி: கைத்தாளில் ‘கருத்துவரி’ என்றே போகிறது. மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை.

புலவர் ஐயா: அடிக்குறிப்பிலாவது காண்டிகை என்று போடுங்கள் அம்மா.

செல்வி: ஒரே பக்கம்தான் ஐயா, இடமில்லை.

முரளி: என் கோப்பில் தலைகீழ்ச் சட்டகம்தான் இருக்கும்.